அடிமானம் −2: மைனஸ் குறி எங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது?

கேள்வி: அடிமானம் −2 வைத்து எண்களை எழுதினால் மைனஸ் குறியே தேவைப்படாது என்கிறார்கள். அது எப்படி? ஏதோ ஒரு குறை எண் விட்டுப்போகாது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

வழக்கமான இரும முறையில் இட மதிப்புகள் வலமிருந்து இடமாக 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போகும். அடிமானத்தை −2 ஆக்கினால் ஒவ்வொரு இடத்துக்கும் −2-ஆல் பெருக்கிக்கொண்டு போக வேண்டும், அதனால் 1, −2, 4, −8, 16, −32, 64 என்று குறி மாறி மாறி வரும். இலக்கங்கள் அதே 0, 1 தான், வேறெதுவும் கிடையாது. ஓர் இடத்தில் 1 இருந்தால் அந்த இட மதிப்பைக் கூட்டுங்கள், 0 இருந்தால் விட்டுவிடுங்கள். உதாரணமாக 11 என்று எழுதினால் −2 + 1, அதாவது −1. 110 என்று எழுதினால் 4 − 2 + 0, அதாவது 2. மைனஸ் இட மதிப்புகளுக்குள்ளேயே இருப்பதால் எண்ணுக்கு முன்னால் தனியாக ஒரு குறி போட வேண்டிய வேலை இல்லை.

ஆனால் இதைச் சொன்னால் மட்டும் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் ஆகாது. குறை இடங்கள் இருப்பதால் சில குறை எண்கள் கிடைக்கும் என்பது தெரிகிறது. எல்லாக் குறை எண்களும் கிடைக்குமா? அதைவிட முக்கியமாக, மிகை எண்களில் ஏதாவது இந்தக் குறி மாற்றத்தால் காணாமல் போய்விடுமா? ஒரே எண்ணை இரண்டு விதமாக எழுத நேருமா? இதற்கு எனக்கு ரொம்பப் பிடித்த விளக்கம் ஒன்று இருக்கிறது, ஒரு தாளில் எண்கோடு வரைந்துகொண்டு படித்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

ஒரே ஓர் இலக்கம் வைத்துக்கொண்டு என்னென்ன எண்கள் எழுதலாம்? 0, 1. அவ்வளவுதான், பக்கத்து பக்கத்தில் இருக்கும் இரண்டு எண்கள். இப்போது இரண்டாவது இடத்தைச் சேர்க்கிறோம், அதன் மதிப்பு −2. அந்த இடத்தில் 0 போட்டால் பழைய 0, 1 அப்படியே கிடைக்கும். 1 போட்டால் அதே ஜோடி இரண்டு படி இடப்பக்கம் நகர்ந்து −2, −1 ஆகும். இரண்டையும் சேர்த்தால் −2, −1, 0, 1. நடுவில் ஓட்டை இல்லை, எதுவும் இரண்டு முறை வரவும் இல்லை. அடுத்த இடம் 4. இப்போது கையில் இருக்கும் நான்கு எண்களும் நான்கு படி வலப்பக்கம் நகர்ந்து 2, 3, 4, 5 ஆகின்றன, பழையது 1-ல் முடிகிறது, புதியது சரியாக 2-ல் தொடங்குகிறது. மூன்று இலக்கங்களில் −2 முதல் 5 வரை எட்டு எண்கள். அடுத்த இடம் −8. எட்டு எண்களும் எட்டு படி இடப்பக்கம் போகின்றன, −10 முதல் −3 வரை, அது பழைய தொகுப்பின் இடது ஓரமான −2-ஐ ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

ஒவ்வொரு முறையும் இப்படிக் கச்சிதமாக ஒட்டுவது தற்செயல் இல்லை. k இலக்கங்களில் 2^k எண்கள் இடைவெளியில்லாத ஒரே துண்டாக இருக்கின்றன, அடுத்த இடத்தின் அளவும் (குறியை விட்டுவிட்டுப் பார்த்தால்) அதே 2^k. துண்டின் நீளம் எவ்வளவோ அவ்வளவே நகர்த்தினால் அதன் நகல் முனையோடு முனை ஒட்டித்தான் ஆக வேண்டும். வழக்கமான இரும முறையிலும் இதேதான் நடக்கிறது, ஆனால் அங்கே எல்லா நகலும் வலப்பக்கமே ஒட்டும், அதனால் 0-க்கு இடப்பக்கம் ஒருபோதும் எதுவும் போய்ச் சேராது. இங்கே ஒரு முறை இடம், ஒரு முறை வலம் என்று மாறி மாறி ஒட்டுவதால் துண்டு இரண்டு பக்கமும் முடிவில்லாமல் வளர்கிறது. எந்த முழு எண்ணை நீங்கள் சொன்னாலும் ஏதோ ஒரு கட்டத்தில் துண்டு அதைத் தொட்டுவிடும், தொட்ட பிறகு அதற்கு ஒரே ஒரு எழுத்து வடிவம்தான் இருக்கும் (முன்னால் வெறும் 0-க்கள் போடுவதைக் கணக்கில் எடுக்காமல்). உங்கள் உத்தரவாதம் இதுதான்.

இதிலிருந்தே இன்னொன்றும் கிடைக்கிறது. ஓர் எண் மிகையா குறையா என்று பார்க்க, இடது ஓரத்தில் இருக்கும் முதல் 1 எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்தால் போதும். முன் 0-க்களை நீக்கிய பிறகு இலக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் மிகை எண், இரட்டைப்படை என்றால் குறை எண். நான்கு இலக்கங்கள் என்றால் முதல் 1-ன் மதிப்பு −8, மீதி மூன்று இலக்கங்களும் சேர்ந்து அதிகபட்சம் 5 தான் தர முடியும், அதனால் மொத்தம் −3-ஐத் தாண்டாது.

சரி, கொடுத்த ஓர் எண்ணை எப்படி மாற்றுவது? சாதாரண இரும முறையில் செய்வது போலவே அடிமானத்தால் வகுத்து மீதியை எழுதிக்கொண்டு போக வேண்டும், மீதி 0 அல்லது 1 ஆகத்தான் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. −13-ஐ எடுத்துக்கொள்வோம். −13 = (−2)×7 + 1, எனவே மீதி 1, ஈவு 7. அடுத்து 7 = (−2)×(−3) + 1, மீதி 1. −3 = (−2)×2 + 1, மீதி 1. 2 = (−2)×(−1) + 0, மீதி 0. −1 = (−2)×1 + 1, மீதி 1. 1 = (−2)×0 + 1, மீதி 1, ஈவு 0 ஆகிவிட்டது, முடிந்தது. மீதிகளைக் கடைசியிலிருந்து எழுதினால் 110111. சரிபார்த்துவிடலாம்: −32 + 16 + 0 + 4 − 2 + 1 = −13. இதே மாதிரி 13-ஐ மாற்றினால் 11101 வரும், 16 − 8 + 4 + 0 + 1.

மேலே அந்த −1 வந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள், விஷயமே அங்கேதான் இருக்கிறது. சாதாரண அடிமானம் 2-ல் −1-ஐ இதே முறையில் மாற்றப் போனால் −1 = 2×(−1) + 1 என்று வரும், மீதி 1, ஈவு மறுபடியும் −1. மறுபடி வகுத்தால் மறுபடி அதே −1. இதற்கு முடிவே இல்லை, 1-கள் இடப்பக்கம் போய்க்கொண்டே இருக்கும். எந்தக் குறை எண்ணில் தொடங்கினாலும் கடைசியில் இந்த −1 சுழலில்தான் மாட்டிக்கொள்வோம், அதனால்தான் அங்கே குறை எண்ணுக்குத் தனியாக ஒரு குறி தேவைப்படுகிறது. அடிமானம் −2-ல் −1-இன் ஈவு 1 ஆகிறது, 1-இன் ஈவு 0. சுழல் அறுந்துவிடுகிறது. மற்ற எண்களுக்கு ஒவ்வொரு படியிலும் ஈவின் அளவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்துகொண்டே வரும், அதனால் எங்கே தொடங்கினாலும் சில படிகளில் இந்த −1, 1, 0 பாதையிலோ நேராக 1, 0 பாதையிலோ வந்து இறங்கிவிடும்.

நிரலாக எழுதும்போது ஒரு பொறி இருக்கிறது. பலரும் பைத்தானில் `n % -2` என்று நேரடியாகப் போட்டுவிடுகிறார்கள். பைத்தானில் மீதி வகுக்கும் எண்ணின் குறியை எடுத்துக்கொள்ளும், அதனால் `13 % -2` என்பது −1, `-13 % -2` என்பதும் −1. சி மொழியில் மீதி வகுபடும் எண்ணின் குறியை எடுக்கும், அங்கே `13 % -2` சரியாக 1 வரும், `-13 % -2` மட்டும் −1 வரும். இதில் சி மொழியின் தவறு இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் 4, 16 போன்ற எண்களைச் சோதித்துப் பார்த்துவிட்டு நிரல் சரி என்று நம்பிவிட வாய்ப்பிருக்கிறது. விடையில் 0, 1 தவிர ஒரு −1 எட்டிப்பார்த்தால் காரணம் இதுதான். வகுத்தலை மொழியிடம் விடாமல், கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்பதை மட்டும் பார்த்து மீதியை நாமே முடிவு செய்துவிட்டால் பிரச்சினையே வராது:

```python
def neg2(n):
    if n == 0:
        return "0"
    s = ""
    while n:
        d = n & 1
        s = str(d) + s
        n = (d - n) // 2
    return s
```

n ஒற்றை என்றால் d = 1, இரட்டை என்றால் 0. n = (−2)×ஈவு + d என்பதைத் திருப்பிப் போட்டால் ஈவு = (d − n)/2. d − n எப்போதும் இரட்டை எண், அதனால் வகுத்தல் மீதியில்லாமல் போகும், எந்தப் பக்கம் முழுமையாக்குவது என்ற குழப்பமே கிடையாது.

அப்புறம் கூட்டல். இதில்தான் பலருக்குத் தடுமாற்றம் வரும். சாதாரணமாக 1 + 1 வந்தால் 0 எழுதி மனதில் 1 வைப்போம். இங்கே அடுத்த இடம் −2 மடங்கு என்பதால் 2 = 0 + (−2)×(−1), ஆக 0 எழுதி மனதில் −1 வைக்க வேண்டும். மனதில் −1 இருக்கும்போது அடுத்த பத்தியில் இரண்டு 0-க்கள் வந்தால் மொத்தம் −1, அதை இலக்கமாக எழுத முடியாது, ஆனால் −1 = 1 + (−2)×1, எனவே 1 எழுதி மனதில் +1. மூன்று சேர்ந்தால் 1 எழுதி மனதில் −1. ஒரு பத்தியின் மொத்தம் −1-க்கும் 3-க்கும் வெளியே போகவே முடியாது, அதனால் இந்த விதிகளே போதும்.

13-ஐயும் −13-ஐயும் கூட்டிப் பார்ப்போம்.

```
  011101    13
+ 110111   -13
```

வலது ஓரத்தில் 1 + 1 = 2, 0 எழுதி மனதில் −1. அடுத்து 0 + 1 − 1 = 0, மனதில் ஒன்றுமில்லை. அடுத்து 1 + 1 = 2, மறுபடி 0, மனதில் −1. அடுத்து 1 + 0 − 1 = 0. அடுத்து 1 + 1, 0 எழுதி மனதில் −1. கடைசியில் 0 + 1 − 1 = 0. எல்லாம் 0. கழித்தல் என்று தனியாக ஒரு செயல் நடக்கவே இல்லை, இரண்டு எண்களில் எது மிகை எது குறை என்று ஓர் இடத்தில்கூட நாம் கேட்கவும் இல்லை. குறி போட்டு எழுதும் முறையில் இதைச் செய்ய முதலில் குறிகளைப் பார்த்து, வேறு வேறு என்று தெரிந்து, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து, விடைக்கு எந்தக் குறி என்று முடிவு செய்ய வேண்டும்.

ஓர் எண்ணின் எதிர் எண் வேண்டுமென்றால்? −1 என்பது 11. ஆக −1-ஆல் பெருக்குவது என்றால் எண்ணை ஓர் இடம் இடப்பக்கம் தள்ளி (அது −2 மடங்கு) அதோடு அந்த எண்ணையே ஒரு முறை கூட்டுவது. 13 = 11101, தள்ளினால் 111010, அதோடு 11101-ஐக் கூட்டினால் 110111 வரும், −13. செய்து பாருங்கள், நான்காவது பத்தியில் ஒரே ஒரு முறைதான் மனதில் வைக்க வேண்டி வரும்.

இதெல்லாம் கணினியில் ஏன் நிலைக்கவில்லை என்று அடுத்து நீங்கள் கேட்கலாம். விட்டோரியோ க்ரூன்வால்ட் என்ற இத்தாலியர் 1885-லேயே குறை அடிமானங்களைப் பற்றி எழுதிவிட்டார். 1950-களின் கடைசியில் போலந்தில் ஜிஸ்லாவ் பாவ்லக் முதலானோர் இந்த யோசனையைக் கணினிக்குக் கொண்டுபோனார்கள், அடிமானம் −2-ல் இயங்கும் யூ.எம்.சி-1 என்ற கணினி அங்கே உண்மையாகவே தயாரானது. ஆனால் இன்று நம் கையில் இருக்கும் கணினிகள் எல்லாம் இரண்டின் நிரப்பி முறையில்தான் ஓடுகின்றன. அந்த முறையை இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் நன்றாகப் புரியும்: அங்கே இடது ஓர இடம் ஒன்று மட்டும் குறை மதிப்பு, மற்றதெல்லாம் மிகை. 8 பிட்டில் மதிப்புகள் −128, 64, 32, 16, 8, 4, 2, 1. அதனால் எழுதியிருப்பதைப் படிக்க எத்தனை பிட் என்று முதலில் தெரிந்தாக வேண்டும். 8 பிட்டில் −13 என்பது 11110011, அதையே 16 பிட்டுக்குக் கொண்டுபோக முன்னால் எட்டு 1-கள் நிரப்ப வேண்டும், 0 நிரப்பினால் 243 ஆகிவிடும். அடிமானம் −2-ல் 110111 என்பது எத்தனை பிட்டில் வைத்தாலும் −13 தான், முன்னால் 0 போட்டுக்கொள்ளலாம். என்னைப் பொறுத்தவரை இந்த முறையின் உண்மையான அழகு இதுதான், குறி இல்லை என்பதைவிட அகலம் தெரிய வேண்டியதில்லை என்பது பெரிய விஷயம்.

ஆனால் விலையும் உண்டு. ஆறு பிட்டில் கிடைப்பது −42 முதல் 21 வரை, எட்டு பிட்டில் −170 முதல் 85 வரை, எப்போதும் ஒரு பக்கம் ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம். இரண்டு எண்களில் எது பெரியது என்று இலக்கங்களை இடமிருந்து பார்த்து உடனே சொல்லவும் முடியாது, 100 என்பது 4, 110 என்பது 2. எதிர் எண் காண ஒரு முழுக் கூட்டல் வேண்டும், கூட்டலில் மனதில் வைப்பது +1, −1 என்று இரண்டு விதமாக வருவதால் மின்சுற்றும் கொஞ்சம் சிக்கலாகும். இந்தக் காரணங்கள் போதும்.

சாதாரணக் கணினியிலேயே அடிமானம் −2 வடிவத்தை ஒரே வரியில் எடுக்கவும் வழி இருக்கிறது, ரிச்சர்ட் ஷ்ரோப்பல் கண்டது. ஆறு பிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறை மதிப்புள்ள இடங்களில் மட்டும் 1 போட்டால் 101010, சாதாரண இருமத்தில் அது 42.

```python
(n + 42) ^ 42
```

−9-ஐப் போடுவோம். −9 + 42 = 33, சாதாரண இருமத்தில் 100001. குறை இடங்களில் இருக்கும் இலக்கங்களை மட்டும் திருப்பிப்போட்டால் (`^ 42` செய்வது அதைத்தான்) 001011. படித்தால் −8 − 2 + 1 = −9. ஏன் இப்படி வேலை செய்கிறது? குறை இடங்களின் அளவை எல்லாம், அதாவது 32 + 8 + 2-ஐ, மொத்தமாகக் கூட்டிவிட்டோம். முன்பு −8 இடத்தில் 1 இருந்திருந்தால் −8 + 8 = 0, 0 இருந்திருந்தால் 0 + 8 = 8. ஆக ஒவ்வொரு குறை இடமும் மிகை இடமாகிவிடுகிறது, அதிலுள்ள இலக்கம் மட்டும் 0-வும் 1-உமாகத் தலைகீழாகிறது. அதைத் திருப்பிப்போட்டால் நமக்கு வேண்டிய வடிவம். −42 முதல் 21 வரையுள்ள எண்களோடு 42-ஐக் கூட்டினால் 0 முதல் 63 வரை வரும், அவை எல்லாம் ஆறு பிட் இருமத்தில் ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை எழுதப்படுபவை, அதனால் எந்த எண்ணும் விட்டுப்போகாது என்பதற்கு இது இரண்டாவது நிரூபணமும்கூட. பெரிய எண்களுக்கு 42-க்குப் பதிலாக 32 பிட்டில் `0xAAAAAAAA` போட்டுக்கொள்ளுங்கள்.

இது −2-க்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். பழக்கமான பத்து இலக்கங்களோடு அடிமானம் −10 எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான், இட மதிப்புகள் 1, −10, 100, −1000. அதில் −13 என்பது 27 (−20 + 7), 13 என்பது 193 (100 − 90 + 3). இலக்கங்கள் இரட்டைப்படையாக இருந்தால் குறை எண் என்ற விதி அங்கேயும் அப்படியே பொருந்தும்.